அக்டோபர் 22 தீசிஸ் டிஃபென்ஸ்: நேரம் வைத்து ஒத்திகையை எந்தத் தேதியில் தொடங்குவது?

ஆகன்_புதுசு
ஊர்ல எம்.டெக். படிக்கறேன், தீசிஸ் செய்யறதுக்காக ஏப்ரல்ல ஜெர்மனி வந்தேன். அக்டோபர் 22, வியாழக்கிழமை டிஃபென்ஸ். 20 நிமிஷம் பேச்சு, அப்புறம் கேள்விகள். மெயில்ல நேரம் "10:00 c.t."ன்னு போட்டிருக்கு. இன்னிக்கு 1-ஆம் தேதி, ஸ்லைடு பாதிதான் ஆகியிருக்கு. ஒத்திகையை எப்போ ஆரம்பிக்கலாம், எத்தனை தடவை பார்க்கணும்?

கோவைத்தமிழ்
முதல்ல பி2 முடிச்சுடுங்க. மூணு வாரத்துல ஜெர்மன்ல பேசிப் பழகறது கஷ்டம்.

ஆகன்_புதுசு
பேச்சு இங்கிலீஷ்லதான் அண்ணா. மொழி பிரச்சினை இல்லை, நேரம்தான்.

முனிக்_செல்வி
c.t. போட்டிருந்தா 10:15-க்குத்தான் தொடங்குவாங்க. s.t. போட்டிருந்தா மணி அடிச்ச மாதிரி 10:00. ஆனா லேப்டாப் மாட்டி வைக்க நீங்க 9:45-க்கே அங்க இருக்கணும்.

இப்போ தேதிகளைக் கடைசியிலிருந்து பின்னாடி வைங்க. 21 புதன் முழு ஒத்திகை வேண்டாம். முதல் இரண்டு நிமிஷத்தையும் கடைசி ஒரு நிமிஷத்தையும் மட்டும் சொல்லிப் பாருங்க. முந்தின நாள் முழுசா ஓட்டி ஒரு நிமிஷம் கூடிப்போனா, ராத்திரி ஸ்லைடை வெட்ட உட்காருவீங்க. அந்த வெட்டு காலையில பேசும்போது உங்களையே தடுக்கும்.

20 செவ்வாய் அதே அறையில, அதே 10:15-க்கு, நின்னுக்கிட்டு கடைசி முழு ஒத்திகை. அறைக்கு இன்னிக்கே செயலகத்துக்கு மெயில் போடுங்க. அக்டோபர்ல செமஸ்டர் தொடங்கறதால அறை சீக்கிரம் நிறைஞ்சுடும்.

18 ஞாயிறு ராத்திரியோட ஸ்லைடுக்குப் பூட்டு. அதுக்கப்புறம் எழுத்துப்பிழை மட்டும்தான்.

16 வெள்ளி ஆள் முன்னாடி. மூணு பேர் போதும், அதுல ஒருத்தர் உங்க துறை தெரியாதவரா இருக்கணும். பேச்சு, கேள்வி, திருத்தம் எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகும்னு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. வெள்ளிக்கு வைக்கறதே அப்புறம் இரண்டு நாள் திருத்தக் கிடைக்கணும்னுதான்.

9 வெள்ளி ஸ்லைடை சூப்பர்வைசருக்கு அனுப்பணும். அவர் 14, 15-ல திருத்தம் சொன்னாலும் சமாளிக்கலாம். அதனால முதல் முழு ஒத்திகை 7 புதன். ஸ்லைடு முழுசா முடியலைன்னாலும் அன்னிக்கு ஓட்டியே ஆகணும். அளந்து பார்க்காத பேச்சை சூப்பர்வைசருக்கு அனுப்பினா, அவர் "இதையும் சேருங்க"ன்னுதான் எழுதுவார். நேரம் எவ்வளவு போகுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

சிங்கைராஜா
இவ்வளவு கணக்கு எதுக்கு? ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஸ்லைடு, 20 ஸ்லைடு. நிமிஷத்துக்கு 130 வார்த்தைன்னு 2,600 வார்த்தை எழுதி மனப்பாடம் பண்ணி, தினம் ஒரு தடவை சொல்லுங்க.

முனிக்_செல்வி
ராஜா சொன்ன 130 முதல் கணக்குப் போட உதவும். ஆனா எல்லா ஸ்லைடும் ஒரு நிமிஷம் பிடிக்காது. தலைப்பு ஸ்லைடு பத்து நொடியில முடியும். வரைபடம் இருக்கற ஸ்லைடுல அச்சுல என்ன இருக்கு, எந்தக் கோடு எதுன்னு சொல்லவே இரண்டு நிமிஷம் போகும். அதனால ஸ்லைடை எண்ணாம பகுதி பகுதியா அளங்க. மனப்பாடத்துல இன்னொரு ஆபத்து, ஒரு வரி மறந்தா அடுத்த வரி வராது.

ஸ்கார்பரோ_அக்கா
தம்பி, நான் இஞ்ச டோஸ்ட்மாஸ்டர்ஸுக்குப் போறனான். ஐந்து முதல் ஏழு நிமிசப் பேச்சு எண்டால் ஐந்தில பச்சை, ஆறில மஞ்சள், ஏழில சிவப்பு விளக்கு காட்டுவினம். பேசுறவர் மணிக்கூட்டைப் பார்க்கத் தேவையில்லை. நீங்களும் 16-ஆம் திகதி ஒரு நண்பரைப் பின்வரிசையில இருத்தி, மூண்டு நிற அட்டை குடுங்கோ.

முனிக்_செல்வி
நல்ல யோசனை அக்கா. 15, 18, 20 நிமிஷத்துல காட்டச் சொல்லலாம்.

ஆகன்_புதுசு
இன்னிக்கு 7-ஆம் தேதி, சொன்ன மாதிரியே ஓட்டினேன். மொத்தம் 27:40. அறிமுகம் 6:10, முறை 9:30, முடிவுகள் 9:00, கடைசிப் பகுதி 3:00. கொஞ்சம் வேகமாப் பேசினா 22 நிமிஷத்துக்கு வந்துடும்னு தோணுது.

முனிக்_செல்வி
வேகமாப் பேசிக் குறைக்கிற நேரம் கையில நிற்காது. யாராவது முகத்தைச் சுளிச்சா உடனே விளக்கப் போவீங்க, நேரம் திரும்ப ஏறிடும். ஸ்லைடைத்தான் எடுக்கணும். தனியா ஓட்டும்போது 18:30 வர வைங்க. மிச்ச ஒன்றரை நிமிஷம் அன்னிக்குத் தடுமாறறதுக்கு.

அறிமுகம் 3:00, முறை 5:00, முடிவுகள் 8:00, கடைசி 2:30. இதைக் கூட்டினா 18:30. உங்ககிட்ட ரொம்ப வீங்கியிருக்கறது முறைதான், நாலரை நிமிஷம் கூட. கருவி அமைப்பு, அளவுத்திருத்தம் மாதிரி ஸ்லைடுகளை அழிக்காம, கடைசி ஸ்லைடுக்குப் பின்னாடி தள்ளுங்க. கேள்வி வந்தா அந்த ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அடிச்சா பவர்பாயிண்ட் அங்கேயே போகும். எண்களை ஒரு தாளில் எழுதி வைங்க.

அப்புறம் 3:00, 8:00, 16:00 மூணையும் பேச்சாளர் திரையில குறிப்பா எழுதுங்க. முடிவுகள்ல விடக்கூடிய ஒரு ஸ்லைடை இப்பவே தேர்ந்தெடுத்து வைங்க. முறை முடியும்போது ஓடின நேரம் 9:30-ஐத் தாண்டியிருந்தா அதை விட்டுடணும். இந்த முடிவை மேடையில நின்னு யோசிக்கக் கூடாது. 16-ஆம் தேதி ஒத்திகையில ஒரு தடவை வேணும்னே அதை விட்டுப் பேசிப் பாருங்க, இணைப்பு வாக்கியம் இடிக்குதான்னு தெரியும்.

ஒத்திகை நடுவுல நாக்கு குழறினா நிறுத்தித் திரும்பத் தொடங்காதீங்க. அப்படிச் செய்யறவங்களுக்கு முதல் ஐந்து நிமிஷம் பளபளன்னு இருக்கும், கடைசிப் பகுதி வாயிலயே பழகியிருக்காது.

லீட்ஸ்_குமரன்
ஒரு எச்சரிக்கை. நேரம் அளக்க பவர்பாயிண்ட்ல `Rehearse Timings` பயன்படுத்தினா, முடிவுல நேரத்தைச் சேமிக்கவான்னு கேட்கும். ஆமான்னு சொல்லிட்டா அந்த நேரத்துக்கு ஸ்லைடு தானா நகரும். டிஃபென்ஸ்ல நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே அடுத்த ஸ்லைடு வந்து நிற்கும். `Slide Show` தாவல்ல `Use Timings` டிக்கை எடுத்துடுங்க. இல்லைன்னா ஃபோன் ஸ்டாப்வாட்ச்சே போதும்.

ஸ்கார்பரோ_அக்கா
எழுதி வைக்காமல் பேசினால் ஒவ்வொரு முறையும் நேரம் மாறுமே? அளந்து என்ன பலன்?

முனிக்_செல்வி
மாறும் அக்கா. ஆனா பேச்சு பழகினா ஒத்திகைக்கு ஒத்திகை வித்தியாசம் அரை நிமிஷம், ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கும். 16-க்கும் 20-க்கும் நடுவுல இரண்டு நிமிஷம் வித்தியாசம் வந்தா, எந்தப் பகுதி ஆடுதுன்னு குறிச்ச நேரத்தை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம். முதல் வாக்கியம், பகுதி மாறும் வாக்கியங்கள், கடைசி வாக்கியம் மட்டும் எழுதி வைக்கட்டும்.

சிங்கைராஜா
நான் இன்னும் முழுசா எழுதணும்னுதான் சொல்வேன். இங்கிலீஷ்ல தடுமாறுறவங்களுக்கு எழுதினதுதான் கைப்பிடி.

லீட்ஸ்_குமரன்
அதுலயும் நியாயம் இருக்கு. எழுதினா 7-ஆம் தேதிக்குள்ள எழுதி, 16-க்கு அப்புறம் அந்தத் தாளைப் பார்க்காம இருக்கணும்.

ஆகன்_புதுசு
செயலகத்துல பதில் வந்துடுச்சு. 20 காலையில அறை இல்லையாம், 19 திங்கள் மாலை 5 மணிக்குத்தான் தர்றாங்க.

முனிக்_செல்வி
திங்கள் போய் எச்.டி.எம்.ஐ. கேபிள், கிளிக்கர், பின்வரிசையிலிருந்து எழுத்து தெரியுதான்னு பாருங்க, பேச்சையும் ஒரு தடவை ஓட்டுங்க. ஆனா ஸ்லைடுப் பூட்டை ஞாயிறுலயே வைங்க. செவ்வாய் 10:15 ஒத்திகையையும் விடாதீங்க, உங்க ரூமிலேயே நின்னுக்கிட்டு ஓட்டலாம்.