ஒரே ஆயத்துல ரெண்டு வாவ்: யூமினூனவா யுஃமினூனவா?

வெலிமடை உம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும். பக்கத்து ஊட்டு வயசான பொம்பளையளுக்கு அரபு எழுத்து தெரியாது, அதால பகரா சூராட முதல் ஆயத்துகள தமிழ்ல எழுதிக் குடுக்கிறேன். 4ஆம் ஆயத்துல பழைய தாள் ஒண்டுல "யூமினூன" எண்டு ஈக்கி, மகன் மத்ரஸாவுல இருந்து "யுஃமினூன" எண்டு எழுதிட்டு வந்தீக்கான். எது சரி?

கம்பளை நானா:
யூ தான் தாத்தா. முஸ்ஹஃப தொறந்து பாருங்க, யாவுக்கு பேஷ், அடுத்தது வாவ். பேஷுக்குப் பொறகு வாவ் வந்தா நீட்டணும், இது சின்னப் புள்ளையும் ஓதுற சட்டம். அதே ஆயத்து கடைசில "யூகினூன்" எண்டு நீட்டுறீங்கதானே, அப்ப இங்க மட்டும் ஏன் வெட்டுற?

அக்குறணை கிதாபுக்காரர்:
சட்டம் சரி நானா, எழுத்த பாத்ததுதான் பிழை. யூகினூன்ல உள்ளது வெறும் வாவ், அதால நீளுது. மத்ததுல வாவுட தலைல சின்னதா ஹம்ஸா குந்திட்டீக்கி, அதுக்கு மேல சுகூனும் ஈக்கி. அந்த வாவ் ஒரு கதிரை மட்டும்தான், ஓதுறது மேல குந்தினவர. சுகூன் உள்ள ஹம்ஸாவுக்கு முந்தின எழுத்துதான் கதிரைய தீர்மானிக்கும்: பேஷ் வந்தா வாவ், ஜேர் வந்தா "பிஃஸ" போல யா, ஜபர் வந்தா "யஃதீ" போல அலிஃப். இந்த ஆயத்துலயே "உன்ஸில"ல அலிஃபுக்கு மேல, "இலைக்க"ல அலிஃபுக்குக் கீழ. கதிரை எது எண்டாலும் சத்தம் ஒண்டு, தொண்டை ஒரு கணம் அடைபட்டுத் தொறக்கும். புள்ள சோறு வேணாம் எண்டு "ஊ-ஊம்" சொல்லக்குள்ள நடுவுல அறுபடுதே, அதுதான்.

கம்பளை நானா:
மொரோக்கோ நாட்டு ஓதுற காரி ஒருத்தர் தெளிவா "யூமினூன" எண்டு ஓதுறத நான் என்ட காதால கேட்டேன். அவரும் பிழையா?

அக்குறணை கிதாபுக்காரர்:
பிழை இல்ல, அது வர்ஷ் ரிவாயத், குர்ஆன் ஓதுற இன்னொரு முறை, அதுல இந்த ஹம்ஸா நீட்டலா மாறிடும். நாங்க ஓதுற ஹஃப்ஸ்ல மாறாது. வர்ஷ் எண்டா அதே ஆயத்துல "பில்ஆகிரதி"யும் "பிலாகிரதி" எண்டு ஆகணும், ஒரு சொல்ல மட்டும் அங்கால இருந்து இழுத்துட்டு வர ஏலாது. ஹிஜாஸ் காரங்கட பேச்சுல ஹம்ஸா தேஞ்சு போனதாலதான் முதல்ல வாவ் எழுதினாங்க, ஹம்ஸா அடையாளம் பொறகு ஐன் எழுத்துட தலைய எடுத்துப் போட்டது.

ஹட்டன் அச்சுக்காரன்:
எனக்கு அரபு தெரியாதுங்க, ஆனா இதுல நான் அடிபட்டவன். பள்ளிவாசல் ஆளு ஒருத்தர் இதே ஆயத்த குடுத்தாரு, "பிமா உன்ஸில"னு இருந்துச்சு, ஆவுக்கு அடுத்து உ வந்தா வகர உடம்படுமெய் வரணும்னு தமிழ் வாத்தியார் அடிச்சு சொல்லிக் குடுத்தது ஞாபகம் வந்து "பிமாவுன்ஸில"னு சேத்து அடிச்சிட்டேன், 200 தாளும் திரும்பி வந்துருச்சு.

அக்குறணை கிதாபுக்காரர்:
நீங்க சொன்னதுதான் நெறய பேர் விழுற குழி. எங்கட வாய் ரெண்டு உயிர் சேர்ந்தா வ் இல்லாட்டி ய் தேடும், அது சரியா ஹம்ஸாட இடத்துல போய் குந்தும். மலாஇக்கா மலாயிக்கா ஆனதும் அப்பிடித்தான். இங்க நட்டம் ரெட்டிப்பு, ஏனெண்டா அந்த ஹம்ஸா வருதே எண்டுதான் "பிமா"வ நாலு அஞ்சு ஹரகத் நீட்டுறோம். அதால ஹரகத் உள்ள ஹம்ஸாவ குர்ஆன் எண்டு எழுதுற மாதிரி தனி உயிரெழுத்தா விடுங்க.

பதுளை டீச்சர்:
அது சரி, சுகூன் ஹம்ஸாவுக்கு ஃ போடுறத நான் ஒத்துக்க மாட்டேன். எங்கட புள்ளைகள் எஃகு, அஃது பழக்கத்துல "யுஹ்மினூன" எண்டு காத்து விட்டு வாசிக்குதுகள். ஐனுக்கும் அதே ஃ தானே போடுறீங்க? "யஃமுரு" எண்டு எழுதினா எது? ஜும்ஆ குத்பா கடைசில கேக்குற "இன்னல்லாஹ யஃமுரு" ஹம்ஸா, ஏவுறான் எண்டு அர்த்தம். தவ்பா 18ல "இன்னமா யஃமுரு மஸாஜிதல்லாஹி" ஐன், பள்ளிகள பராமரிக்கிறது. தமிழ்ல ரெண்டும் ஒண்டாப் போச்சு. ஹம்ஸாவுக்கு யு'மினூன எண்டு மேல ஒரு கீறல் போடுங்க, ஃ ஐனுக்கு இருக்கட்டும்.

ஹட்டன் அச்சுக்காரன்:
டீச்சர், அந்தக் கீறல் கம்ப்யூட்டர்ல தானா வளஞ்சுக்கும், போட்டோகாப்பிய போட்டோகாப்பி எடுத்தா தூசியோட தூசியா போயிரும்.

அக்குறணை கிதாபுக்காரர்:
முஃமின் எண்டு ஊரே எழுதுது, பழகின கண்ண ஏன் கொழப்புற. வேணுமெண்டா ஐனுக்கு அடியில கோடு போடுங்க.

பதுளை டீச்சர்:
பழகினது பிழையா பழகினதுதான் எண்டுறேன்.

வெலிமடை உம்மா:
நான் இப்பிடி எழுதிட்டேன்: "வல்லதீன யுஃமினூன பிமா உன்ஸில இலைக்க வமா உன்ஸில மின் கப்லிக்க வபில்ஆகிரதி ஹும் யூகினூன்." பக்கத்து ஊட்டு பெரியம்மா முதல்ல டீச்சர் சொன்ன மாதிரியே "யுஹ்" எண்டாங்க, "ஊ-ஊம்" சொல்லிக் காட்டினதும் சரியா வந்துட்டு. மத்த ரெண்டு பேருக்கும் நாளைக்கு கீறல் போட்ட தாள குடுத்துப் பாக்கிறேன்.