மீட்டிங்கை ரெக்கார்ட் செய்யலாமா என்று வெளியாட்களிடம் கேட்ட அனுபவம்

சோழிங்கநல்லூர்வாசி

போன மாதம் டீம்ஸில் ஒரு கூட்டம். எங்கள் பக்கம் ஐந்து பேர், வாடிக்கையாளர் பக்கம் நான்கு பேர், அவர்கள் கூட்டிவந்த வெளி ஆலோசகர் ஒருவர். வர முடியாத இரண்டு பேருக்குக் காட்டலாமே என்று ரெக்கார்டை அழுத்திவிட்டேன், அழுத்திய பிறகுதான் "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. சரி, சம்மதம்தான் என்று தொடர்ந்தேன்.

கூட்டம் முடிந்ததும் அந்த ஆலோசகர் என்னைத் தனியாக அழைத்தார். "அத்தனை பேர் முன்னால் நான் மட்டும் எப்படிங்க வேண்டாம்னு சொல்றது? விலையைப் பத்திச் சொல்ல வேண்டியதை நான் சொல்லவே இல்லை" என்றார். கூட்டம் போட்டதே விலைக்காகத்தான். இன்னும் மனசு உறுத்துகிறது. நீங்கள் எல்லாம் எப்படிக் கேட்கிறீர்கள்?

நெய்தல்

எனக்கும் இதே மாதிரி நடந்திருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு நாள் முன்பே மெயிலில் கேட்டுவிடுகிறேன். கிட்டத்தட்ட இப்படி எழுதுவேன்:

"வியாழன் 3 மணிக் கூட்டத்தைப் பதிவு செய்ய விரும்புகிறோம். வர இயலாத இருவர் பார்ப்பதற்கு மட்டும். கோப்பு எங்களிடமே இருக்கும், 30 நாளில் அழித்துவிடுவோம். விலை பற்றிய பேச்சு வரும்போது பதிவை நிறுத்திவிடுவோம். விருப்பமில்லை என்றால் எனக்கு மட்டும் ஒரு வரி போடுங்கள். யார் சொன்னார் என்று சொல்லாமல், பதிவுக்குப் பதிலாகக் குறிப்பு எடுத்து அனுப்புகிறோம்."

அந்தக் கடைசி வரி இருந்தால்தான் வேண்டாம் என்பவர் வாயைத் திறப்பார். பதில் போடாதவர்களைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை, ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவேன். அப்புறம், 30 நாள் என்று எழுதினால் காலண்டரில் அழிக்கும் தேதியையும் போட்டு வையுங்கள். அட்மின் மாற்றாதவரை டீம்ஸ் பதிவு 120 நாள் அப்படியே கிடக்கும்.

கிண்டி_ராஜா

இவ்வளவு தேவையா? ரெக்கார்ட் ஆரம்பித்ததும் எல்லார் திரையிலும் அறிவிப்பு வருகிறதே. பார்த்தபின்னும் உட்கார்ந்திருந்தால் சம்மதம்தானே.

மியூனிக்_தமிழன்

அறிவிப்பு வருவது சரி. ஆனால் அது தெரிவிப்பதுதான், அனுமதி கேட்பது இல்லை. போனில் டயல் செய்து சேருபவர் திரையைப் பார்ப்பதும் கிடையாது. ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 201வது பிரிவுப்படி, பொதுவில் அல்லாத பேச்சை அனுமதியின்றிப் பதிவு செய்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம். அதனால் இங்கே எங்கள் குழுவில் அறிவிப்பை மட்டும் நம்பி யாரும் பொத்தானை அழுத்த மாட்டார்கள், ஒவ்வொருவரும் சரி என்று சொன்ன பிறகுதான். கலிபோர்னியாவிலும் ரகசியமான உரையாடல் என்றால் எல்லார் சம்மதமும் வேண்டும். வெளிநாட்டு ஆள் ஒருவர் கூட்டத்தில் இருந்தாலே அவர் ஊர்ச் சட்டத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பூங்குயில்

எனக்கும் இந்த அனுமதிப் பிரச்சினைதான்! லிங்க் அனுப்பினேன், வெளியாட்களுக்கு "access denied" என்று வருகிறது. எப்படித் திறப்பது?

நெய்தல்

அம்மா, இங்கே பேசுவது வேறு அனுமதி. உங்களுக்கும் பதில் சொல்கிறேன்: டீம்ஸில் வெளி நிறுவனத்தாருக்குப் பதிவு தானாகத் திறக்காது, கோப்புக்குப் போய் அவர் மெயில் முகவரியைச் சேர்த்துப் பகிர வேண்டும். அதையும் உங்கள் ஐடி பிரிவு தடுத்திருக்கலாம்.

பூங்குயில்

ஓ, சரி. அப்படியென்றால் ஸ்லைடு கதை ஒன்று சொல்கிறேன். பேசியவரிடம் "ஸ்லைடை அனுப்பலாமா?" என்று கேட்டேன், தாராளமாக என்றார், பிபிடிஎக்ஸை அப்படியே வெளியாட்களுக்கு அனுப்பினேன். மறுநாள் ஒருவர் கூப்பிட்டு, "அந்தச் சார்ட்டில் ரைட் கிளிக் செய்து Edit Data கொடுத்தால் எல்லா வாடிக்கையாளர் விலையும் தெரிகிறது" என்றார். எக்செலிலிருந்து சார்ட்டை ஒட்டும்போது முழு வொர்க்புக்கும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. திரையில் தெரிந்ததோ நான்கே நான்கு கம்பங்கள். பேசியவருக்கே அது தெரியாது, தெரியாத ஒன்றுக்கு அவர் எப்படி அனுமதி தந்திருக்க முடியும்?

இப்போது சார்ட்டைப் படமாக ஒட்டச் சொல்கிறேன். ஸ்பீக்கர் நோட்ஸை Inspect Document-இலும், மறைத்த ஸ்லைடை ஸ்லைடு வரிசையிலும் பார்த்துவிட்டு, பிடிஎஃப் ஆக்கி அந்தப் பிடிஎஃப்பைப் பேசியவருக்கே திருப்பி அனுப்பி, "இதே கோப்புதான் போகப் போகிறது, சரியா?" என்று கேட்கிறேன்.

சோழிங்கநல்லூர்வாசி

நேற்று ஆலோசகரிடம் மன்னிப்புக் கேட்டேன். தான் பேசிய பகுதியை வெட்டிவிடச் சொல்கிறார். வாடிக்கையாளரோ முழுசாக வேண்டும், ஒப்பந்தத்துக்கு ஆதாரம் என்கிறார். வீடியோவை வெட்டினாலும் எழுத்து வடிவம் தனியாக இருக்கிறது, அதிலும் அவர் பேச்சு வரிக்கு வரி கிடக்கிறது. ஆள் ஒருவர் பின்னால் மறுத்தால் நீங்கள் எதை அழித்தீர்கள்?

கிண்டி_ராஜா

எங்கள் இடத்தில் மொத்தமாக அழித்தோம். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டார்.

நெய்தல்

நான் ஒருமுறை வெட்டிக் கொடுத்தேன், ஆனால் அப்போது எழுத்து வடிவத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. இன்று போய்ப் பார்க்கிறேன்.