பட்டியலில் இல்லாத பொருளுக்கும் ரோபோ பெயர் சொல்லிவிடுகிறது, என்ன செய்யலாம்?

நண்பர்களே, ரோபோ கையின் கேமராப் படத்தை, படங்களையும் சொற்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கிளிப் மாடலுக்குக் கொடுத்து, தனிப் பயிற்சி எதுவும் இல்லாமல் பொருளின் பெயரைச் சொல்ல வைக்கிறேன். பட்டியலில் கத்தரிக்கோல், சுத்தியல், ஸ்குரூடிரைவர் மட்டும்தான். குறடு ஒன்றைக் காட்டினால், 91% கத்தரிக்கோல் என்கிறது! உள்ளே பார்த்தால், படமும் பெயரும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கொசைன் மதிப்பு கத்தரிக்கோலுக்கு 0.24, மற்ற இரண்டுக்கும் 0.21. இந்த மதிப்புகளை 100 ஆல் பெருக்கி, பட்டியலில் உள்ள பெயர்களுக்குள்ளேயே மொத்தம் 100% வரும்படி பங்கிடும் சாஃப்ட்மேக்ஸில் போடுவதால் சின்ன வித்தியாசம் இப்படி ஊதிவிடுகிறது.

சரி, கொசைனுக்கே நேரடியாக வரம்பு வைக்கலாம் என்றால், நிஜமான சுத்தியலே சில கோணங்களில் 0.23தான் வாங்குகிறது. பட்டியலில் "ஏதோ ஒரு கருவி" மாதிரி பொதுவான வரிகளைச் சேர்ப்பதா, இல்லை ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக மதிப்பிடும் சிக்லிப்புக்கு மாறிவிடுவதா? ரோபோவில் ஓட்டிப் பார்த்தவர்கள், அதைத் "தெரியாது" என்று சொல்ல வைத்தது எப்படி என்று சொல்லுங்களேன்.