கேட்ட பதிவேடு மறுநாள் வந்தது: திடீர் ஆய்வுக்குப் பின் கிளை மேலாளருக்கு எழுதிய குறிப்பு பற்றிய அனுபவப் பகிர்வு

தொடங்கியவர், ஓய்வுபெற்ற தலைமை உள்தணிக்கையாளர், கும்பகோணம்

நகைக்கடன் நிறுவனம் ஒன்றில் தலைமை உள்தணிக்கையாளராக இருந்தபோது நான் எழுதிய குறிப்பு ஒன்றைப் பற்றி இங்கே பகிர்கிறேன். நிறுவனத்தின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். மன்னார்குடிக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு கிளை என்பது போதும். அது மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறி, ஆடியில் அடகு வைத்த நகைகளை மக்கள் மீட்டுக்கொண்டிருந்த நேரம்.

காலை 9.20 மணிக்குக் கிளைக்குச் சென்றேன். 9.30 மணிக்குப் பெட்டகம் திறக்கப்பட்டது. ரொக்கத்தை எண்ணினேன்; முந்தைய நாள் இருப்போடு ஒரு ரூபாய் வேறுபாடின்றி ஒத்தது. 9.35 மணிக்கு நகைப் பொட்டலங்கள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எழுதும் பதிவேட்டையும், சாவிப் பதிவேட்டையும் கேட்டேன். இரண்டும் துணை மேலாளரின் அலமாரியில் இருப்பதாகவும், அவர் திருமணம் ஒன்றுக்காக மயிலாடுதுறை சென்றிருப்பதால் அலமாரிச் சாவி அவரிடமே இருப்பதாகவும் மேலாளர் கூறினார். அது முகூர்த்த நாள்தான் என்பதால் நானும் நம்பினேன். பொட்டலங்களை எண்ணி முடித்தபோது, கணினியில் 412 கடன்கள் நிலுவையில் இருக்க, அடுக்கில் 409 பொட்டலங்களே இருந்தன. மீதி மூன்றும் மறு எடைக்காக மதிப்பீட்டாளரிடம் போயிருக்கின்றன என்றார். அவ்வாறு போயிருந்தால் அதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆவணம், எனக்குக் கிடைக்காத அந்தப் பதிவேடுதான். 11.10 மணிக்கு மீண்டும் கேட்டபோது, தலைமை அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தர இயலாது என்று பதில் மாறியது. மாலை 5.45 வரை காத்திருந்துவிட்டுப் புறப்பட்டேன். மறுநாள் காலை 11.40 மணிக்குப் பதிவேடுகள் என் மேசைக்கு வந்தன. மூன்று பொட்டலங்களும் அடுக்கில் இருந்தன.

முதல் நாள் இரவு பேருந்தில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று மேலாளரிடமும் மற்றொன்று துணை மேலாளரிடமும் இருக்க வேண்டும். துணை மேலாளர் மயிலாடுதுறையில் இருந்தார் என்றால், காலை 9.30 மணிக்கு என் கண்ணெதிரே பெட்டகம் எப்படித் திறந்தது? பதிவேட்டைத் தராததற்குச் சொன்ன காரணமே, இரண்டு சாவிகளும் ஒரே கையில் இருந்ததைச் சொல்லிவிட்டது. மறுநாள் கிடைத்த சாவிப் பதிவேட்டில் அதே நாளின் 9.30 மணிக்கு நேராகத் துணை மேலாளரின் சுருக்கொப்பம் இருந்தது. வருகைப் பதிவேட்டில் அன்று அவருக்கு விடுப்பு. பொட்டலப் பதிவேட்டிலோ கடைசி பதினொரு நாள் பதிவுகள் அனைத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் இருந்தன. கூட்ட நாளில் எழுதப்படும் பதிவேட்டில் அடித்தல் இல்லாமல் இருப்பதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

இத்தனையும் கையில் இருந்தும், மேலாளருக்கு எழுதிய குறிப்பில் மூன்று பொட்டலங்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அது தணிக்கைக் குழுவுக்கான தனி அறிக்கையில் சென்றது. குறிப்பின் நடுப்பகுதியை மட்டும் தருகிறேன்.

"பொருள்: திடீர் ஆய்வின்போது பதிவேடுகள் முன்வைக்கப்படாமை குறித்து விளக்கம் கோருதல்.

மேற்படி நாளில் காலை 9.35 மணிக்கு இரு பதிவேடுகளைத் தங்களிடம் கேட்டேன். அவை துணை மேலாளரின் அலமாரியில் உள்ளன என்றும், சாவி அவரிடம் உள்ளது என்றும் தெரிவித்தீர்கள். 11.10 மணிக்கு மீண்டும் கேட்டபோது தலைமை அலுவலக அனுமதி தேவை என்று தெரிவித்தீர்கள். அன்று மாலை 5.45 மணி வரை அவை முன்வைக்கப்படவில்லை. மறுநாள் 11.40 மணிக்கு முன்வைக்கப்பட்டன. முதலில் கேட்ட நேரத்திலிருந்து 26 மணி 5 நிமிடம் கழிந்திருந்ததால், ஆய்வு நாளின் நிலைக்கு இப்பதிவேடுகளை ஆதாரமாக ஏற்க இயலவில்லை.

கீழ்க்கண்டவற்றுக்கு மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்துபூர்வமாக விளக்கமளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அலமாரியின் மாற்றுச் சாவி எங்கே வைக்கப்பட்டுள்ளது? ஆய்வு நாளில் காலை 9.30 மணிக்குப் பெட்டகத்தின் இரண்டாவது சாவியை இயக்கியவர் யார்? தலைமை அலுவலக அனுமதி தேவை என்பது எந்தச் சுற்றறிக்கையின்படி?"

'மறைத்தீர்கள்' என்ற சொல்லை முதல் வரைவில் எழுதி, பின்னர் அடித்துவிட்டேன். முன்வைக்கப்படவில்லை என்பது நான் கண்டது. மறைத்தார் என்பது நான் நினைத்தது.

உறுப்பினர், திருவாரூர், கூட்டுறவுத் துறை அனுபவம்

ஐயா இவ்வளவு பணிவாக எழுதியிருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கம்பெனிச் சட்டம் 143ஆம் பிரிவு தணிக்கையாளருக்கு எந்நேரமும் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. அந்தப் பிரிவை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் மேலாளர் 26 மணி நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். எங்கள் சங்கங்களில் 2021ஆம் ஆண்டு ஐந்து சவரன் நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்ட பிறகு ஒவ்வொரு பொட்டலமாகச் சரிபார்த்தோம். கூட்டுறவுச் சட்டத்தின் 81, 82ஆம் பிரிவுகளைச் சொன்னதும் அலமாரிகள் தாமாகத் திறந்துகொண்டன.

உறுப்பினர், பட்டயக் கணக்காளர், தஞ்சாவூர்

திருவாரூர் நண்பர் சொல்வது பாதி சரி. 143ஆம் பிரிவு தரும் உரிமை சட்டப்படி நியமிக்கப்படும் ஆண்டுத் தணிக்கையாளருக்கு உரியது. உள்தணிக்கையாளர் 138ஆம் பிரிவின்கீழ் வருகிறார். அவருடைய பணியின் எல்லையையும் முறையையும் தணிக்கைக் குழுவோ இயக்குநர் குழுவோ அவரோடு கலந்து வகுக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுக் கணக்கு விதிகளின் 13ஆம் விதி கூறுகிறது. ஆகவே கிளையில் நிற்கும் உள்தணிக்கையாளரின் அதிகாரம், இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த உள்தணிக்கைக் கொள்கையிலிருந்து வருகிறது. குறிப்பில் அந்தக் கொள்கையின் பத்தி எண்ணையே சுட்ட வேண்டும். தவறான பிரிவை எழுதினால், மேலாளர் பதிவேட்டைப் பற்றிப் பதில் சொல்லாமல் பிரிவைப் பற்றிப் பதில் எழுதுவார். அத்தகைய பதில் ஒன்று எனக்கே வந்திருக்கிறது, நான்கு பக்கம். கூட்டுறவுச் சங்கங்களின் 81, 82ஆம் பிரிவுகளும் பதிவாளர் வழியாக நடக்கும் விசாரணைக்கும் ஆய்வுக்கும் உரியவை. சங்கத்தின் சொந்த உள்தணிக்கையாளர் அவற்றைக் கையில் எடுக்க முடியாது.

தொடங்கியவரிடம் ஒரு கேள்வி. மாலை 5.45 மணிக்குப் புறப்படும் முன் அந்த அலமாரிக்கு முத்திரை வைத்தீர்களா?

தொடங்கியவர்

வைக்கவில்லை. அது என் பிழை. பூட்டின் மீது காகிதப் பட்டை ஒட்டி, நானும் மேலாளரும் அதன் குறுக்கே ஒப்பமிட்டிருந்தால், மறுநாள் அது கிழியாமல் இருந்ததா என்பது மட்டுமே கேள்வியாக இருந்திருக்கும். பதினொரு நாள் பதிவுகளின் மையைப் பற்றி நான் வாதாட வேண்டியிருந்திருக்காது. அந்த நிகழ்வுக்குப் பிறகு என் பையில் அரக்கும் காகிதப் பட்டையும் எப்போதும் இருந்தன. எந்தப் பதிவேடு கைக்கு வந்தாலும் முதல் வேலையாகக் கடைசி வரிக்குக் கீழே கோடிட்டு, நேரத்தை எழுதிச் சுருக்கொப்பமிடும் பழக்கமும் அப்போது வந்ததுதான்.

உறுப்பினர், கிளை மேலாளர், மயிலாடுதுறை பக்கம்

மறுபக்கத்தில் அமர்ந்திருந்தவனாகச் சொல்கிறேன். இதே போன்ற குறிப்பு எனக்கும் வந்தது. அதில் 'வேண்டுமென்றே மறைத்துள்ளீர்கள்' என்ற சொற்கள் இருந்தன. உண்மையில் என் உதவியாளர் சாவியை மறந்து வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டார். அவர் வீடு சீர்காழிக்கு அப்பால். இரண்டரை மணி நேரத்தில் பதிவேட்டைக் கொடுத்தேன். ஆயினும் குறிப்பில் அந்த நேரம் இல்லை, நான் சொன்ன காரணமும் இல்லை, அந்த வாசகம் மட்டும் இருந்தது. என் விளக்கத்தைக் குறிப்பிலேயே பதிவு செய்திருந்தால் நான் மறுப்பே எழுதியிருக்க மாட்டேன். தொடங்கியவர் மேலாளரின் இரண்டு பதில்களையும் அவற்றின் நேரத்தோடு எழுதியிருப்பது நியாயமானது. ஒன்றை மட்டும் மறுக்கிறேன். சிறிய கிளைகளில் ஒருவர் விடுப்பில் போகும்போது இரண்டாவது சாவியை மேலாளரே வைத்துக்கொள்வது பரவலாக நடப்பதுதான். ஆளே இல்லாதபோது யாரிடம் ஒப்படைப்பது? தலைமை அலுவலகம் மாற்று ஆளை அனுப்புவதில்லை.

உறுப்பினர், விவசாயி, நீடாமங்கலம் அருகே

என் பிரச்சினையும் இதேதான் என்று நினைக்கிறேன். குறுவை நடவுக்காக நான்கு சவரன் வைத்தேன். வட்டிக் கணக்கைக் கேட்டால் கிளையில் இரண்டு மாதமாக இன்று நாளை என்கிறார்கள். நானும் இப்படி ஒரு குறிப்பு எழுதலாமா? தலைமைத் தணிக்கையாளர் எனக்காக எழுதித் தருவாரா?

உறுப்பினர், பட்டயக் கணக்காளர், தஞ்சாவூர்

இது வேறு வழக்கு, ஐயா. நீங்கள் வாடிக்கையாளர், கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி மேற்பார்வையில் உள்ள நிறுவனமாக இருந்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், குறைதீர்ப்பாளரிடம் செல்லும் வழி பெரும்பாலும் இருக்கும். அதற்கும் முத்திரையிட்ட அந்த நகல்தான் தேவைப்படும்.

உறுப்பினர், இளநிலைத் தணிக்கையாளர், நாகப்பட்டினம்

எனக்கு ஓர் ஐயம். போன மாதம் பதிவேடு தராத மேலாளரிடம், கேட்டவற்றின் பட்டியலை எழுதி ஒப்புகை கேட்டேன். கையொப்பமிட மறுத்துவிட்டார். கைப்பேசியில் காணொளி எடுக்கலாமா என்று நினைத்து, பிறகு விட்டுவிட்டேன்.

தொடங்கியவர்

காணொளி வேண்டாம். நகை மீட்க வந்தவர்களின் முகமும் நகையும் அதில் விழும். பிறகு அதுவே உங்கள் மேல் புகாராகும். பட்டியலின் அடியில் 'ஒப்புகை கோரப்பட்டது, மறுக்கப்பட்டது' என்று நேரத்தோடு எழுதி, உடன் வந்தவரிடம் சாட்சிக் கையொப்பம் வாங்குங்கள். கிளையை விட்டு வெளியேறியதும், அதே பட்டியலை அதே சொற்களில் மேலாளருக்கும் உங்கள் மேலதிகாரிக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். கையொப்பம் போடாதவரிடமும் அந்த மின்னஞ்சலின் நேரம் நிற்கும். தனியாகச் சென்றிருந்தால் அது மட்டுமே ஆதாரம். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

மயிலாடுதுறை நண்பர் சொன்ன ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அவ்வாறு சாவி கைமாறும்போது, 'இரண்டாவது சாவி இன்று என்னிடம்' என்று அந்தப் பதிவேட்டில் ஒரு வரி எழுதித் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்க முடியும். என் கிளையில் அந்த வரி இல்லை. ஊரில் இல்லாதவரின் சுருக்கொப்பம் இருந்தது.

உறுப்பினர், திருவாரூர்

பிரிவு எண்ணைத் திருத்தியதற்கு நன்றி. ஆனாலும் கடுமை தேவை என்ற என் கருத்து மாறவில்லை. மூன்று பொட்டலங்கள் என்னவாயின என்று தொடங்கியவர் இன்னும் சொல்லவில்லை.

தொடங்கியவர்

மேலாளரின் பதில் நான்காம் நாள் வந்தது. மாற்றுச் சாவி தலைமை அலுவலகத்தில் இருப்பதாக ஒரு வரி. அனுமதி பற்றிய சுற்றறிக்கை நினைவில் இல்லை என்று ஒரு வரி. இரண்டாவது சாவி பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை. மூன்று பொட்டலங்களையும் வேறு மதிப்பீட்டாளரை வைத்துப் பிரித்து எடை பார்த்தோம். கடன் சீட்டில் உள்ள எடையோடு மூன்றும் ஒத்தன. நகைகளும் அவையேதான் என்று கடன் வாங்கிய இருவர் வந்து பார்த்துச் சொன்னார்கள். மூன்றாமவர் திருப்பூரில் இருந்ததால் வரவில்லை. எங்கள் மதிப்பீட்டாளர், அவை தம்மிடம் வந்தன என்றார். எந்த நாள் என்று கேட்டபோது சரியாக நினைவில்லை என்றார். மற்ற 409 பொட்டலங்களின் சீட்டுக்கயிறு மஞ்சளேறி இருந்தது. இந்த மூன்றில் மட்டும் வெள்ளையாக இருந்தது.