டெய்லிங்ஸ் டேம்: அணையா, சக்கைக் கரையா?

எழுதியவர்: பீடோர் தங்கச்சி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் லம்பம் எனப்படும் பழைய ஈயச் சுரங்கங்களைப் பற்றிப் படக்காட்சி வைக்கிறோம். விளக்க அட்டை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஈயம் அலசும் பலாங்கு, டூலாங், அப்புறம் ஈயக்கப்பல் எல்லாம் தடையில்லாமல் போய்விட்டன. கடைசி அட்டையில் மாட்டிக்கொண்டேன். தாதுவை எடுத்தபின் மிஞ்சும் சேற்றை இன்றைய சுரங்கங்கள் எங்கே வைக்கின்றன, அது ஏன் உடைகிறது என்று சொல்ல வேண்டிய அட்டை அது.

அந்தச் சேற்றைத் தேக்கும் டெய்லிங்ஸ் டேமுக்கு ‘வால்கழிவு அணை’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் தம்பி, “எந்த மிருகத்து வால்?” என்று கேட்டான். அதன் கரையை உயர்த்தும் ஒரு முறையான அப்ஸ்ட்ரீம் ரெய்சிங்குக்கு ‘மேல்நீரோட்ட உயர்த்தல்’. சீப்பேஜுக்குக் ‘கசிவு’. மூன்றிலும் எனக்குத் திருப்தி இல்லை. வழி சொல்லுங்கள்.

எழுதியவர்: வாத்தியார்

தங்கச்சி, வாலை வெட்டிவிடுங்கள். சாறு எடுத்தபின் மிஞ்சுவதற்குத் தமிழில் சொல் இருக்கிறது. கரும்பில் மிஞ்சினால் சக்கை, தாதுவில் மிஞ்சினாலும் சக்கைதான். ‘சக்கை அணை’ என்று எழுதலாம்.

ஆனால் ‘மேல்நீரோட்ட உயர்த்தல்’ சரியான சொல்தானே? ஆறு வரும் பக்கம் மேல்நீரோட்டம், போகும் பக்கம் கீழ்நீரோட்டம். பாடநூலில் இருப்பதை மாற்றினால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

எழுதியவர்: ஆலைக்காரன்

எங்க செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குட்டையத்தானே கேக்குறீங்க? இருபது வருசமா அந்த நாத்தத்துலதான் சோறு தின்னுறேன். கரைன்னா ஒரு சொட்டுகூட வெளிய வரக்கூடாது. வந்தா களிமண்ணைக் குழைச்சு வெளிப்பக்கம் அப்பி அடைச்சிடணும். அதனால ‘கசிவுத் தடுப்பு’ன்னு போடுங்க, வேலை முடிஞ்சுது.

எழுதியவர்: மண்ணளவன்

ஆலைக்கார அண்ணன் சொல்வது அவர் குட்டைக்குப் பொருந்தும். அங்கே அடியிலும் உள்பக்கமும் நீர் புகாமல் வைப்பதுதான் நோக்கம். சக்கைக் கரையில் வெளிப்பக்கம் களிமண் அப்பி அடைத்தால் கரையையே கொன்றுவிடுவீர்கள். காரணம் சொல்கிறேன், அதிலேயே தங்கச்சியின் இரண்டாவது சொல்லுக்கும் விடை இருக்கிறது.

முதலில் நல்ல மண்ணை இறுக்கி ஒரு சிறிய கரை கட்டுவார்கள். அதன் தலையிலிருந்து குழாய் வழியாகச் சக்கைக் குழம்பை உள்ளே விடுவார்கள். கனமான மணல் கரையோரமே படியும். மாவு போன்ற களி தண்ணீரோடு ஓடி உள்ளே தூரத்தில் தங்கும். குட்டை நிரம்பியதும் சில மீட்டர் உயரத்துக்கு அடுத்த கரை எழும்பும். அதன் ஒரு கால் பழைய கரைமேல், மறுகால் படிந்த மணல்மேல். இப்படியே படிப்படியாக ஏறும்போது கரையின் தலை ஒவ்வொரு முறையும் உள்ளே நகர்கிறது. கடைசியில் பார்த்தால் முதல் கரை மட்டும்தான் உண்மையான தரையில் நிற்கிறது. மற்றதெல்லாம் எதைத் தாங்கி நிறுத்தக் கட்டினார்களோ அதன் மேலேயே நிற்கின்றன. மண் குறைவாகச் செலவாகும், அதனால் மலிவு.

வாத்தியார் ஐயா, திசையைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னது சரி. ஆனால் ‘மேல்நீரோட்டம்’ என்று படிக்கும் பிள்ளை ஆற்றைத்தான் நினைக்கும், கரை சக்கையின் மேல் நிற்பது அதன் மனத்தில் வராது.

இந்தக் கரை நிற்க ஒரே வழி, ஓர மணல் ஈரம் வடிந்து கிடப்பதுதான். நம் ஒட்டுக்கடைக் கோப்பித் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். தூள் கொஞ்சம் கரடாக இருந்தால் தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும். நைசாக அரைத்திருந்தால் மேலேயே நிற்கும். மணல் முதல் வகை, களி இரண்டாம் வகை. வெளிப்பக்கத்தை அடைத்தால் உள்ளே நீர்மட்டம் ஏறி மணல் முழுக்க ஊறிப்போகும். அதனால் கரைக்கு அடியில் சரளையும் குழாயும் வைத்து நீரை வேண்டுமென்றே வெளியே விடுகிறோம். ஆகவே ஒரே சொல் போதாது. நாம் வழிவைத்து விடும் நீர் ‘வடிநீர்’. வழி தெரியாமல் சரிவில் எங்கோ தலைகாட்டுவது ‘கசிவு’.

வடிநீர் தெளிவாக, ஒரே சீராக வந்தால் நிம்மதி. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது. இதைவிட மோசமான அடையாளம் ஒன்று உண்டு. குட்டை நிறைந்து, கரைக்குள் இறக்கிய, நீரழுத்தம் காட்டும் பியெசோமீட்டரில் அளவு ஏறிக்கொண்டிருக்கும்போது வடிநீர் குறையும். பார்ப்பவர்கள் கசிவு நின்றுவிட்டது என்று மகிழ்வார்கள். நின்றது வடிகால்.

எழுதியவர்: பலாங்குத் தாத்தா

பேரன் தட்டச்சு செய்யிறான், நான் சொல்றேன். 1960கள்ல கம்பார் பக்கம் லம்பத்துல வேலை செஞ்சவன். மோனிட்டர் குழாயால மண்ணை அடிச்சுக் கரைப்போம், பம்பு அதைப் பலாங்கு மேல ஏத்தும். ஈயம் கனமானது, குறுக்குக் கட்டைக்குப் பின்னால நின்னுக்கும். பலாங்கு வாயில மணல் விழுந்து மலையாக் குவியும். சேறு தூரத்துக் குட்டைக்குப் போயிடும். அந்தத் தம்பி சொல்ற மணலும் களியும் எங்க கண்ணு முன்னால பிரிஞ்சதுதான்.

ஒரு தடவை குட்டைக் கரையை அவசரமா உள்ளே தள்ளி உசத்தச் சொன்னாரு முதலாளி தவுக்கே. மேல வெயில்ல காஞ்சு வெடிச்ச பொருக்கு, கடினமாத்தான் இருந்துச்சு. ஒரு மூங்கிலைக் குத்தினேன். ஒரு முழம் முரண்டுச்சு, அப்புறம் என் கையோட சேத்து உள்ள இழுத்துக்கிச்சு. சொன்னேன், கேக்கல. பத்து வண்டி மணல் கொட்டினோம். கொட்டின இடம் பெருசா அமுங்கின மாதிரி தெரியல. முப்பது அடி தள்ளி உள்பக்கம் சேறு பொங்கி மேடாச்சு. அன்னிக்கு ராத்திரி கரை போச்சு. ஆள் சேதம் இல்ல, ஒரு மாடு மட்டும்.

எங்க கம்பத்துல அதைச் சக்கைன்னு யாரும் சொன்னதில்ல. சேறுன்னுதான் சொல்வோம்.

எழுதியவர்: மண்ணளவன்

தாத்தா, உங்கள் பத்து வண்டி மணல் கதையின் பெரிய வடிவம்தான் பிரேசிலின் ஃபுண்டாவ். மரியானா நகரத்துக்குப் பக்கத்தில், இரும்புத்தாதுச் சக்கைக் கரை. அது உடைந்ததைப் பற்றிய விசாரணை அறிக்கை 2016இல் வந்தது.

முதல் திட்டம் நன்றாகவே இருந்தது. முன்னால் மணல், பின்னால் களி, அடியில் பெரிய வடிகால். ஆனால் கட்டுமானக் குறைகளால் அந்த அடிவடிகால் 2009இலேயே கெட்டுப்போனது. திட்டத்தை மாற்றி, மேலே இன்னொரு மட்டத்தில் வடிகால் விரிப்பு வைத்தார்கள். அதற்குக் கீழே மணல் ஊறியே கிடந்தது. கரைக்கும் தேங்கிய நீருக்கும் நடுவே 200 மீட்டர் மணற்பரப்பு இருக்க வேண்டும் என்பது விதி. 2011, 2012இல் அது பல முறை காக்கப்படவில்லை. நீர் கிட்டே வந்தது, அதோடு களியும் வந்து படிந்தது. மேலே மணல் மூடியதும் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது.

பிறகு இடப்பக்க ஓரத்தில், கரைக்கு அடியில் போன கான்கிரீட் கால்வாய் இனிப் பாரம் தாங்காது என்று தெரிந்தது. அதைச் சரிசெய்யும்வரை என்று கரையை அந்த இடத்தில் உள்ளே தள்ளினார்கள். தள்ளிய இடம் களியின் மேல். கரை உயர உயர, அடியில் களி பக்கவாட்டில் பிதுங்கியது. அது நகர நகர, மேலிருந்த ஊறிய மணலின் பிடி தளர்ந்தது. 2015 நவம்பர் 5 மாலை அந்த மணல் ஒரே நேரத்தில் குழம்பாகிவிட்டது. பெந்தோ ரோத்ரிகெஸ் கிராமம் புதைந்தது, 19 பேர் இறந்தார்கள். சேறு தோசே ஆற்றில் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக் கடலைத் தொட்டது. அன்று சற்றுமுன் சிறு நில அதிர்வுகள் வந்தன. ஏற்கனவே முற்றியிருந்ததை அவை கொஞ்சம் முடுக்கின, அவ்வளவுதான்.

எனவே தங்கச்சி, ‘மணற்சக்கை’, ‘களிச்சக்கை’ என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். ‘சக்கை’ என்று மட்டும் எழுதினால் கரை ஏன் போனது என்பதே அட்டையில் விளங்காது.

எழுதியவர்: வாத்தியார்

மேல்நீரோட்டத்தை விட்டுவிட்டேன். வேறொன்று தோன்றுகிறது. சாலையிலிருந்து தள்ளிக் கட்டிய வீட்டை ‘உள்வாங்கி இருக்கிறது’ என்கிறோம். அப்ஸ்ட்ரீம் ரெய்சிங் ‘உள்வாங்கி உயர்த்தல்’ ஆகலாமே?

எழுதியவர்: மண்ணளவன்

அழகாக இருக்கிறது ஐயா. இரண்டு தடைகள் உண்டு. ஃபுண்டாவில் இடப்பக்கக் கரையைத் தள்ளியதற்கும் அதே சொல்தான் வரும், அது வழக்கமான உயர்த்தல் அல்ல, ஒரு விலகல். தவிர, மண் நீரை ‘உள்வாங்கும்’ என்றும் நாம்தான் சொல்கிறோம். எனக்குச் ‘சக்கைமேல் உயர்த்தல்’ போதும். காதுக்கு இனிமை இல்லை, ஆனால் ஆபத்து சொல்லிலேயே தெரிகிறது. கரையை வெளிப்பக்கம் நகர்த்தி உயர்த்தும் எதிர்முறைக்கு ‘வெளியேற்றம்’ என்று யாராவது முன்மொழியுமுன் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். சேற்றைத் திறந்துவிட்டதாக அர்த்தமாகும். ‘தரைமேல் உயர்த்தல்’ என்று வையுங்கள்.

எழுதியவர்: ஆலைக்காரன்

சரி, என் குட்டை வேற, உங்க குட்டை வேற. ஆனா ஒரு சந்தேகம். மூடிட்ட சுரங்கம்னா தண்ணி காஞ்சு கெட்டியாயிடும்ல? அப்புறம் பயம் என்ன?

எழுதியவர்: மண்ணளவன்

அதே பிரேசிலில், புருமாஜின்யோ ஊர்ச் சுரங்கத்தில் சேறு விடுவதை 2016இலேயே நிறுத்திவிட்டார்கள் அண்ணே. 2019 ஜனவரி 25இல் அந்தக் கரை சில விநாடிகளில் சரிந்தது, 270 பேர் இறந்தார்கள். அதுவும் சக்கைமேல் உயர்த்திய கரை. சரிவு செங்குத்து, உள்ளே போதிய வடிகால் இல்லை, மழைநீர் இறங்கிக்கொண்டே இருந்தது. கரை நகர்கிறதா என்று ரேடார் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, எச்சரிக்கை எதுவும் தரவில்லை. அதே ஆண்டு பிரேசில் இந்த முறையைத் தடை செய்தது. சிலி 1970இலேயே தடை செய்துவிட்டது, 1965 நிலநடுக்கத்தில் சக்கைக் கரை உடைந்து எல் கோப்ரே கிராமம் புதைந்ததைப் பார்த்த பிறகு.

எழுதியவர்: பீடோர் தங்கச்சி

எல்லாருக்கும் நன்றி. ‘சக்கைக் கரை’ என்று தலைப்பு வைத்தேன். அணை என்றால் தண்ணீர் தேக்கிக் குடிக்கிற நினைப்பு வருகிறது. வாத்தியார் ஐயா இன்னும் ‘சக்கை அணை’தான் என்கிறார், தனிமடலில் சண்டை ஓடுகிறது. உயர்த்தலுக்கு ‘உள்வாங்கி’, ‘சக்கைமேல்’ இரண்டையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுமுன் ஒன்றை அழிப்பேன். தாத்தாவின் மூங்கிலையும் அட்டையில் வரைந்திருக்கிறேன்.

எழுதியவர்: பலாங்குத் தாத்தா

மூங்கில் படம் நல்லாருக்கும்மா. ஒண்ணு மட்டும். ‘இடப்பக்கம்’னு போட்டிருக்கீங்களே, தண்ணி போற திசையப் பாத்து நின்னா இடமா, குட்டையப் பாத்து நின்னா இடமா? நாங்க குட்டையப் பாத்துத்தான் நிப்போம்.