கிளையன்ட்டுக்கு வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு, டெஸ்டிமோனியல் மட்டும் வரல

தறிநூல்: அவசரம். போர்ட்ஃபோலியோ பக்கத்தை இந்த வாரம் வெளியிடணும். டெஸ்டிமோனியல் கேட்டேன், "கண்டிப்பா தர்றேன்"னார். அப்புறம் ஞாபகப்படுத்தினேன், "வார இறுதியில எழுதிடறேன்"னார். வரல. மூணாவது தடவை எப்படிக் கேட்கிறது?

மழைக்காகம்: என்ன வேலை? எப்போ முடிஞ்சது? மெயில்லயா வாட்ஸ்அப்பா? நீங்க கேட்ட வரியை அப்படியே இங்க போடுங்க.

பழையகை: மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. பழைய இழைகளைத் தேடிப் படிச்சிட்டுக் கேட்கலாம். டெஸ்டிமோனியல் தரணும்னு ஒப்பந்தத்துலயே ஒரு வரி போட்டிருந்தா இந்த நிலைமை வருமா?

கணக்குப்பிள்ளை: எனக்கும் இதே கதைதான். ரெண்டு மாசமா "தர்றேன் தர்றேன்"னு இழுக்கிறார். கடைசி பில் இன்னும் பாக்கி.

மழைக்காகம்: @கணக்குப்பிள்ளை அவர் கேட்கிறது பணம் இல்லைங்க, பாராட்டு.

பென்சில்முனை: @பழையகை செஞ்ச வேலையைக் காட்டிக்க அனுமதி வேணும்னு ஒப்பந்தத்துல போடலாம், அது நல்ல பழக்கம். பாராட்டை முன்கூட்டியே எழுதி வாங்க முடியாது. வேலை எப்படி வரும்னு அப்போ யாருக்கும் தெரியாதே.

தறிநூல், அவர் எப்பவாவது தானா ஏதாவது நல்லா சொல்லியிருக்காரா? சாட்ல தேடிப் பாருங்க.

தறிநூல்: மன்னிக்கணும், விவரம் விட்டுப்போச்சு. ஒரு பல் கிளினிக்குக்கு முன்பதிவுப் பக்கம் செஞ்சு கொடுத்தேன். முடிஞ்சு 5 வாரம் ஆச்சு. மெயில்ல கேட்டது: "எங்கள் சேவை குறித்த உங்கள் மேலான கருத்தைச் சில வரிகளில் எழுதித் தர இயலுமா?"

தேடினேன். வேலை முடிஞ்ச பத்தாம் நாள் வாட்ஸ்அப்ல இப்படி அனுப்பியிருக்கார்: "சூப்பர்ங்க. ரிசப்ஷன்ல ஃபோன் அடிக்கிறது பாதியா குறைஞ்சிருச்சு. ராத்திரி 11 மணிக்குக்கூட புக்கிங் வருது."

பென்சில்முனை: டெஸ்டிமோனியல் அன்னிக்கே உங்க கைக்கு வந்தாச்சு. இனி கேட்க வேண்டியது அனுமதி மட்டும்தான்.

"சில வரி எழுதித் தாங்க"ன்னா அவர் என்ன எழுதறது, எவ்வளவு எழுதறது, தப்பில்லாம எழுதணுமேன்னு உட்கார்ந்து யோசிக்கணும். மனசு இருந்தும் தள்ளிப்போறது அதனாலதான். அவர் பேசின இடம் வாட்ஸ்அப், அங்கயே அனுப்புங்க:

"சார், அன்னிக்கு நீங்க அனுப்பின இந்த வரிகளை என் போர்ட்ஃபோலியோ பக்கத்துல போட்டுக்கலாமா? (அவர் வரிகள்) கீழே உங்க பேரும் பொறுப்பும் வரும். பேர் வேண்டாம்னா பொறுப்பு மட்டும் போடறேன். ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க. இல்லன்னா 'சரி'ன்னு ஒரு வார்த்தை போதும். வேண்டாம்னாலும் பரவாயில்ல."

ஒண்ணு மட்டும் கவனம். "பாதியா" அவர் சந்தோஷத்துல போட்ட கணக்கு. எல்லாரும் படிக்கிற இடத்துல வரப்போகுது, அது சரிதானான்னு ஒரு வரி சேர்த்துக் கேட்டுடுங்க. நீங்களா வார்த்தையை மெருகேத்தாதீங்க. "சூப்பர்ங்க" அப்படியே இருக்கட்டும்.

செம்பருத்தி: இவ்வளவு எதுக்கு? நீங்களே மூணு மாதிரி எழுதி அனுப்புங்க, ஒண்ணைத் தேர்ந்தெடுப்பார். நான் எப்பவும் அப்படித்தான்.

பென்சில்முனை: அப்படிச் செஞ்சா பத்துப் பேர் பேர்ல இருந்தாலும் பத்தும் உங்க நடையிலதான் இருக்கும். படிக்கிறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. அவர் நினைக்காததை அவர் வாயில வைக்கிறதும் சரியில்ல.

செம்பருத்தி: "நீங்களே எழுதுங்க, நான் ஓகே பண்றேன்"னு அவங்களே சொல்றாங்களே! படிச்சுப் பார்த்து ஒத்துக்கிட்டா அது அவங்க கருத்துதான்.

பென்சில்முனை: அப்படிச் சொன்னா ஒரு பத்து நிமிஷம் ஃபோன்ல பேசி, அவர் சொன்னதையே எழுதி அனுப்புங்க. பேசாம நீங்களா எழுதறதை என்னால ஏத்துக்க முடியல.

செம்பருத்தி: ஃபோன்ல பத்து நிமிஷம் கிடைக்காத ஆட்களுக்குத்தான் நான் எழுதியே அனுப்பறேன்.

கணக்குப்பிள்ளை: அடுத்த வேலைக்கு 10% தள்ளுபடின்னு சொல்லிப் பாருங்க, உடனே வரும்.

மழைக்காகம்: வரும். ஆனா தள்ளுபடி கொடுத்து வாங்கினதுன்னு அந்தப் பக்கத்துலயே சொல்லணும். சொன்னா அந்தப் பாராட்டை யார் நம்புவாங்க?

பென்சில்முனை, எனக்கு ஒரு சந்தேகம். தானா எதுவுமே சொல்லாத கிளையன்ட்னா?

பென்சில்முனை: ரெண்டே கேள்வி. "எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எது தொல்லையா இருந்தது? இப்ப எது மாறியிருக்கு?" டைப் பண்ண நேரமில்லன்னா வாய்ஸ் நோட் போதும்னு சொல்லுங்க. பலன் அவர் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு கேளுங்க. ஒப்படைச்ச அன்னிக்கே கேட்டா "நல்லா இருந்தது" மட்டும்தான் வரும். பதில் இல்லன்னா ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம். அதோட விட்டுடுங்க. பெரிய நிறுவனம்னா அவருக்கு விருப்பம் இருந்தாலும் சட்டப் பிரிவு ஒத்துக்காம போகலாம்.

தறிநூல்: அனுப்பினேன். 20 நிமிஷத்துல பதில் வந்துடுச்சு. "பாதின்னு வேண்டாம், நல்லா குறைஞ்சிருக்குன்னு போடுங்க. பேர் வேண்டாம், கிளினிக் மேலாளர்னு போதும். சரி." பக்கத்துல ஏத்திட்டேன். எல்லாருக்கும் நன்றி.

கணக்குப்பிள்ளை: பாக்கி பில்லுக்கும் இந்த மாதிரி ஒரு மெசேஜ் எழுதித் தர்றீங்களா?

பழையகை: அதுக்குத் தனி இழை போடுங்க.