அம்மம்மாவின் ஆரஞ்சுத் தம்ளர்கள் எந்த ஊர்ச் சாமான்?

கோண்டாவில் பேத்தி:
அம்மம்மாவின் அலுமாரியில் ஆறு கண்ணாடித் தம்ளர்களும் உள்ளே பூப் பதித்த ஒரு பேப்பர் வெயிட்டும் இருந்தன. தம்ளர்கள் ஆரஞ்சு நிறம், கொடியும் பூவும் போட்டவை. வெயிலில் பிடித்தால் தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினது போல ஊதாவும் பச்சையும் ஓடுகின்றன. அடியில் எழுத்து இல்லை. அம்மப்பா மலாயாவிலிருந்து கொண்டுவந்தவர் என்கிறா அம்மா. பக்கத்தில் அச்சுக்கோடு தெரிகிறது.

சுன்னாகம் சேகரிப்பாளர்:
மேலே வானவில் மினுக்கம் ஏற்றிய அமெரிக்கக் கார்னிவல் கண்ணாடிதான். ஃபென்டன் கம்பெனி 1907இல் தொடங்கிய சாமான். கோடு இருந்தால் அழுத்தி வார்த்தது, பழசு.

நல்லூர் அண்ணை:
தம்பி, கார்னிவல் என்பது சரி. ஆனால் கோடு இருந்தால் அச்சில் செய்தது என்பதுக்கு மேல் ஒன்றும் தெரியாது. இன்றைய ஊறுகாய்ப் போத்தலிலும் அது உண்டு. தங்கச்சி, தம்ளருக்குள் விரலை விட்டு, பூவின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கோ. வழவழப்பா, குழிவா?

கோண்டாவில் பேத்தி:
குழிகிறது அண்ணை. வெளியே பூ புடைத்த இடத்தில் உள்ளே பள்ளம்.

நல்லூர் அண்ணை:
அப்படியென்றால் அழுத்தி வார்த்ததில்லை, அச்சுக்குள் ஊதினது. அழுத்தி வார்க்கும்போது உள்ளே இரும்புக் குத்தி இறங்கும், அதனால் வெளியே எந்தப் பூ இருந்தாலும் உட்புறம் மட்டமாகவே வரும். பழைய அமெரிக்கத் தம்ளர்கள் பெரும்பாலும் அந்த வகை. ஊதினதென்றால் இந்தியாவையும் யோசிக்க வேண்டும். பெரோசாபாத்தில் ஜெயின் கம்பெனி இதே ஆரஞ்சு மினுக்கத்தில் சாமான் செய்தது. சிலதில் JAIN என்று அச்சிலேயே இருக்கும், இல்லாததும் உண்டு. இதை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். அடி வளையத்தில் மினுக்கம் ஏறாத இடத்தை வெளிச்சத்தில் பாருங்கோ. கண்ணாடி வெள்ளையாக இருந்தால் ஆரஞ்சு மேற்பூச்சுதான்.

கோண்டாவில் பேத்தி:
ஓம், அடி வெள்ளைதான். இரண்டு தம்ளரில் வாயருகே ஆரஞ்சே இல்லை. அம்மா சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்ச்சவவாம்.

மானிப்பாய் வாசகர்:
என்னிடமும் இப்படி ஒரு போத்தல் இருக்கு, கிணறு இறைக்கும்போது சேற்றுக்குள் கிடைத்தது. அதுவும் கார்னிவலா?

நல்லூர் அண்ணை:
இல்லை, உங்களுடையது ஈரமண்ணில் கிடந்து கண்ணாடியின் மேல்தோல் சிதைந்ததால் வந்த வானவில். செதில் செதிலாக உரியும், திட்டுத் திட்டாக இருக்கும். கார்னிவலில் கண்ணாடி சூடாக இருக்கும்போதே வெள்ளீயம், இரும்பு உப்புகளைத் தெளிப்பார்கள். அதனால் மினுக்கம் பூவின் மேல் தொடர்ந்து போகும், நகத்தால் சுரண்டினால் உரியாது. ஆனால் சாம்பல் தேய்த்துத் தேய்த்து அறுத்துவிடும். தங்கச்சி, இனிச் சவர்க்காரத் தண்ணியும் மெல்லிய துணியும் போதும்.

சுன்னாகம் சேகரிப்பாளர்:
உள்ளே தடவ வேண்டும் என்று எனக்குத் தெரியாது அண்ணை. அப்ப பேப்பர் வெயிட்?

நல்லூர் அண்ணை:
அதன் அடியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மேசையில் இழுபட்ட பழைய அடியில் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், மேசையில் படும் விளிம்பில்தான் கூட இருக்கும். எல்லாக் கீறலும் ஒரே பக்கம் ஓடினால் யாரோ மண்தாள் போட்டுப் பழசாக்கினது.

கோண்டாவில் பேத்தி:
விளிம்பில் கீறல் இருக்கு, நடுவில் ஒரு இடத்தில் மட்டும் சொரசொரப்பு. நாளை பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.